பார்டரில் நிற்கும் சர்க்கரை: யாருக்கு ஜி.டி.டி. தேவை?

ஆபீஸ் ஹெல்த் செக்கப், இன்சூரன்ஸ் பரிசோதனை, கண்புரை அறுவைக்கு முன் எடுக்கும் ரத்தம் என்று ஏதோ ஒரு காரணத்துக்காகப் போன இடத்தில்தான் பெரும்பாலும் இது தெரியவரும். வெறும் வயிற்றில் சர்க்கரை 112. லேப் ரிப்போர்ட்டில் அந்த எண் மட்டும் தடித்த எழுத்தில் இருக்கும். "பார்டர்லதான் இருக்கு, ஸ்வீட்டை மட்டும் குறைச்சிக்குங்க" என்று யாராவது சொல்வார்கள். ஒரு சாரார் அதைக் கேட்டு நிம்மதியாகி ரிப்போர்ட்டை பீரோவில் வைத்துவிடுவார்கள். இன்னொரு சாரார் பயந்துபோய், தெரிந்தவர் சொன்ன மாத்திரையை அடுத்த வாரமே தொடங்கிவிடுவார்கள். இரண்டுக்கும் அந்த 112 போதாது. அது பாதித் தகவல்தான்.

ரத்தத்தில் ஒரு டெசிலிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் குளுக்கோஸ் என்பதுதான் அந்த எண். எட்டு மணி நேரமாவது எதுவும் சாப்பிடாமல் கொடுத்த ரத்தத்தில் அது 100க்குக் கீழே இருந்தால் இயல்பு. 126ஐத் தொட்டு, இன்னொரு பரிசோதனையும் அதை உறுதி செய்தால் நீரிழிவு. இடைப்பட்ட பகுதிக்குத்தான் முன்நீரிழிவு என்று பெயர். அது எங்கே தொடங்குகிறது என்பதில் உலகத்துக்குள்ளேயே ஒரு சண்டை உண்டு. அமெரிக்க நீரிழிவு சங்கம் 2003இல் தொடக்கக் கோட்டை 110இலிருந்து 100க்கு இறக்கியது. உலக சுகாதார நிறுவனம் 110இலேயே நிற்கிறது. ஆகவே 104 என்று வந்த ஒருவர் ஒரு கணக்குப்படி முன்நீரிழிவுக்காரர், இன்னொரு கணக்குப்படி நலமானவர். நம் லேப்கள் பெரும்பாலும் அமெரிக்கக் கோட்டையே அச்சடிக்கின்றன. 104க்கும் 119க்கும் ஒரே தடித்த எழுத்து விழுவது அதனால்தான். ஆபத்தில் இரண்டும் ஒன்றல்ல.

வெறும் வயிற்றுச் சர்க்கரை உண்மையில் எதை அளக்கிறது? நேற்று இரவு சாப்பிட்டதை அல்ல. அந்தச் சாப்பாட்டின் சர்க்கரை விடிவதற்கு வெகு முன்பே ரத்தத்தை விட்டுப் போய்விடும். விடியற்காலையில் ரத்தத்தில் ஓடுவது கல்லீரல் விடுவிக்கும் குளுக்கோஸ். நாம் தூங்கும்போதும் மூளைக்குச் சர்க்கரை வேண்டும் என்பதால், கல்லீரல் தன் சேமிப்பிலிருந்தும் புதிதாகத் தயாரித்தும் கொஞ்சம் கொஞ்சமாக அனுப்பிக்கொண்டே இருக்கிறது. அளவு மீறாமல் பார்த்துக்கொள்வது கணையத்திலிருந்து மெல்லச் சுரக்கும் இன்சுலின். கல்லீரல் அந்தச் சொல்லுக்குக் கட்டுப்பட மறுத்தாலோ, இன்சுலின் குறைந்தாலோ, காலை எண் 110, 115 என்று ஏறும். வயிற்றிலும் கல்லீரலிலும் கொழுப்பு சேர்ந்தவர்களிடம் இதைப் பரவலாகப் பார்க்கலாம்.

சாப்பிட்ட பிறகு நடப்பது வேறு கதை. குளுக்கோஸ் ரத்தத்துக்கு வந்த சில நிமிடங்களிலேயே கணையம் முதல் தவணை இன்சுலினை விட்டுவிட வேண்டும். பிறகு தொடர்ந்து சுரக்க வேண்டும். தொடை, முதுகு, தோள் தசைகள் அந்தச் சர்க்கரையின் பெரும்பங்கை உள்ளே இழுத்துக்கொள்ள வேண்டும். இதில் எது பிசகினாலும் இரண்டு மணி நேரம் கழித்தும் சர்க்கரை இறங்காமல் நிற்கும். இரவில் கல்லீரல் ஒழுங்காக இருந்து, பகலில் தசைகள் மக்கர் செய்யும் ஆட்கள் உண்டு. அதற்கு நேரெதிரானவர்களும் உண்டு. இரண்டும் கெட்டவர்களும் உண்டு. 112 என்ற காலை எண் இந்த மூவரில் நீங்கள் யார் என்று சொல்லாது. அதைச் சொல்வதற்கென்றே உள்ள பரிசோதனைதான் குளுக்கோஸ் தாங்குதிறன் சோதனை. லேப் மொழியில் ஜி.டி.டி.

இந்த மூன்றெழுத்தைக் கேட்டதும் நம் வீடுகளில் கர்ப்பிணிகள்தான் நினைவுக்கு வருவார்கள். "எனக்கு எதுக்கு டாக்டர் அது? அது மாசமா இருக்கறவங்களுக்குத்தானே?" என்று ஆண்கள் சிரித்துக்கொண்டே கேட்பதுண்டு. ஆனால் சர்க்கரை நோயைக் கண்டறிவதில் பல காலம் அளவுகோலாக இருந்ததே இந்தச் சோதனைதான். நேரம் பிடிக்கிறது, குமட்டுகிறது என்பதால் பெரியவர்களிடம் புழக்கம் குறைந்தது.

"நான்தான் சாப்பிட்ட பின் ரத்தமும் கொடுத்தேனே, அதில் நார்மல் என்று வந்ததே" என்று கேட்கலாம். நம் ஊரில் அதிகம் ஏமாற்றுகிற எண் அதுதான் என்பேன். காலை வெறும் வயிற்றில் ரத்தம் கொடுத்துவிட்டு, பக்கத்துக் கடையில் இரண்டு இட்லி, ஒரு வடை சாப்பிட்டு, இரண்டு மணி நேரம் கழித்துத் திரும்பக் கொடுப்பது நம் வழக்கம். ஒருவர் இரண்டு இட்லி சாப்பிடுவார், இன்னொருவர் பொங்கலும் காபியும். பரிசோதனை நாள் என்பதற்காகவே ஒரே ஒரு தோசையோடு எழுந்துவிடுகிறவர்களும் உண்டு. நேரத்தை முதல் வாயிலிருந்து கணக்கிட வேண்டும்; பலர் கை கழுவியதிலிருந்து கணக்கிடுவார்கள். நடுவே வங்கி வேலையை முடிக்க ஒரு கிலோமீட்டர் நடந்துவிட்டும் வருவார்கள். ஏற்கெனவே சர்க்கரை நோய்க்கு மருந்து எடுப்பவருக்கு, வழக்கமான சாப்பாட்டுக்கு மருந்து ஈடுகொடுக்கிறதா என்று பார்க்க அது நல்ல சோதனை. நோய் இருக்கிறதா இல்லையா என்று தீர்ப்பு சொல்ல அது உதவாது. 140, 200 என்ற எல்லைகள் எடை போட்டுக் கரைத்த 75 கிராம் குளுக்கோஸுக்காக வகுக்கப்பட்டவை, இட்லிக்காக அல்ல.

ஒரு உதாரணத்தை வைத்துப் பார்ப்போம். ஆள் கற்பனை, ஆனால் இப்படிப்பட்ட எண்கள் அபூர்வமல்ல. வயது 47, ஜவுளிக்கடையில் கணக்கு எழுதுகிறார், அம்மாவுக்குச் சர்க்கரை நோய். உடம்பு பருமன் என்று சொல்ல முடியாது, தொப்பை மட்டும் உண்டு. வெறும் வயிற்றில் 113. இரண்டு இட்லிக்குப் பிறகு 136. மூன்று மாத சராசரியைச் சொல்லும் ஹெச்.பி.ஏ.1சி 5.9 சதவீதம். அந்தச் சோதனையில் 5.7 முதல் 6.4 வரை முன்நீரிழிவு, 6.5 முதல் நீரிழிவு. ஆக மூன்று எண்களும் சேர்ந்து, பார்டர், இன்னும் நேரமிருக்கிறது என்றே சொல்கின்றன.

டாக்டர் ஜி.டி.டி.க்கு எழுதிக் கொடுக்கிறார். குளுக்கோஸ் குடிப்பதற்கு முன் 111. குடித்து இரண்டு மணி நேரம் கழித்து 211. இரண்டு மணி நேர எண் 140க்குக் கீழே இருந்தால் இயல்பு. 140 முதல் 199 வரை தாங்குதிறன் குறைவு. 200 முதல் நீரிழிவு. வெறும் வயிற்றுக் கணக்கில் பார்டரில் நின்றவர், குளுக்கோஸைக் குடித்ததும் கோட்டைத் தாண்டிவிட்டார்.

இங்கேயே முத்திரை குத்திவிடக் கூடாது. தாகம், அடிக்கடி சிறுநீர், எடை இழப்பு போன்ற தெளிவான அறிகுறிகள் இல்லாதவரிடம், நீரிழிவு என்று சொல்ல இரண்டு அசாதாரண முடிவுகள் வேண்டும். இவருடைய வெறும் வயிற்று எண்ணும் ஹெச்.பி.ஏ.1சியும் நீரிழிவு அளவை எட்டவில்லை. எனவே எந்தச் சோதனை எல்லையைத் தாண்டியதோ அதையே திரும்பச் செய்ய வேண்டும். ஜி.டி.டி.க்கு ஒரு பெரிய பலவீனம் உண்டு: ஒரே ஆளுக்குச் சில நாள் இடைவெளியில் செய்தாலும் இரண்டு மணி நேர எண் பதினைந்து சதவீத அளவுக்குக் கூடக்குறைய வருவது சாதாரணம். குளுக்கோஸ் இரைப்பையிலிருந்து குடலுக்கு இறங்கும் வேகம் நாளுக்கு நாள் மாறுவது அதற்கு ஒரு காரணம். இன்று 211 வந்தவருக்கு அடுத்த வாரம் 182 வரலாம். நம் உதாரணக்காரருக்கு இரண்டாம் முறை 206 வருகிறது என்று வைத்துக்கொள்வோம். இப்போது சந்தேகமில்லை, நீரிழிவுதான். கண்ணின் விழித்திரையைப் பார்ப்பது, சிறுநீரில் அல்புமின், ரத்த அழுத்தம், கொழுப்பு என்று எல்லாம் உடனே தொடங்கிவிடும். 182 வந்திருந்தால் தாங்குதிறன் குறைவு என்று எழுதி, உணவும் நடையுமாகத் தொடங்கி, ஒரு வருடத்துக்குள் மறுபடி பார்த்திருப்பார்கள். 113 என்ற அதே காலை எண்ணோடு இன்னொருவர் வந்து, இரண்டு மணி நேரத்தில் 118 என்றும் வரலாம். அவருடைய தசைகளும் கணையமும் சுமையைத் தாங்குகின்றன. பிரச்சினை கல்லீரல் பக்கம்தான்.

இந்தச் சோதனையைக் கெடுப்பது பெரும்பாலும் லேப் அல்ல, முந்தைய மூன்று நாட்கள். பார்டர் என்று கேட்டதுமே சிலர் சோற்றை அடியோடு நிறுத்திவிடுவார்கள். முட்டையும் காய்கறியும் நட்ஸுமாக ஓட்டுவார்கள். அப்படி மாவுச்சத்தே இல்லாமல் இருந்த உடம்பு, திடீரென்று 75 கிராம் குளுக்கோஸைக் கண்டதும் தடுமாறும். இரண்டு மணி நேர எண் பொய்யாக உயர்ந்து வரும். ஆகவே முதல் மூன்று நாட்களும் தினம் குறைந்தது 150 கிராம் மாவுச்சத்தாவது உள்ளே போக வேண்டும். மூன்று வேளையும் இட்லி, சோறு, சப்பாத்தி என்று வழக்கமாகச் சாப்பிடுகிறவருக்கு இது தானாகவே கிடைத்துவிடும். அவர் எதையும் மாற்றக் கூடாது, அவ்வளவுதான். காய்ச்சல், தொற்று, சமீபத்திய அறுவை சிகிச்சை இருந்தால் தள்ளிப்போட வேண்டும். ஆஸ்துமாவுக்கோ மூட்டு வலிக்கோ ஸ்டீராய்டு எடுப்பவர்கள் அதை டாக்டரிடம் சொல்லியாக வேண்டும்; சர்க்கரையை ஏற்றுவதில் அதற்கு ஈடில்லை.

அன்று காலை எட்டு மணி நேரத்துக்குக் குறையாமலும் பதினான்கு மணி நேரத்துக்கு மேற்படாமலும் பட்டினியாகப் போக வேண்டும். தண்ணீர் குடிக்கலாம். காபி, பீடி, சிகரெட் கூடாது. சர்க்கரை போடாத காபியும் கூடாதுதான். முதல் ரத்தம் எடுத்ததும் 75 கிராம் குளுக்கோஸை ஒரு பெரிய டம்ளர் தண்ணீரில், அதாவது 250 முதல் 300 மில்லியில், கரைத்துத் தருவார்கள். இந்த 75 என்பது நீர் சேராத குளுக்கோஸின் எடை. புழக்கத்தில் உள்ள பொடி நீர்மூலக்கூறு சேர்ந்ததாக இருந்தால் 82.5 கிராம் எடுக்க வேண்டும். இதை நோயாளி சரிபார்க்க முடியாது, ஆனால் "எடை போட்டதா?" என்று கேட்கலாம். கேட்டால் தப்பில்லை. ஐந்து நிமிடத்துக்குள் குடித்து முடிக்க வேண்டும். கடிகாரம் முதல் மிடறிலிருந்து ஓடும். பிறகு இரண்டு மணி நேரம் உட்கார்ந்தே இருக்க வேண்டும். நடந்தால் தசைகள் சர்க்கரையைத் தின்றுவிடும், எண் பொய்யாக இறங்கும். வாந்தி எடுத்துவிட்டால் அன்றைய சோதனை செல்லாது. கர்ப்பிணி அல்லாத பெரியவருக்கு வெறும் வயிற்றில் ஒன்று, இரண்டு மணி நேரத்தில் ஒன்று என இரண்டு ரத்தம் போதும். சர்வதேச நீரிழிவு கூட்டமைப்பு 2024இல் ஒரு மணி நேர எண்ணையும் பார்க்கச் சொல்லி, அது 155ஐ எட்டினாலே கவனம் தேவை என்றது. நம் லேப்களில் அதை இன்னும் எல்லோரும் கேட்பதில்லை.

பார்டர் எண்களை இன்னொன்றும் குழப்பும். குழாய்க்குள் அடைபட்ட பிறகும் ரத்த அணுக்கள் உயிரோடுதான் இருக்கின்றன; அவை அங்கேயும் குளுக்கோஸைத் தின்கின்றன. அறை வெப்பத்தில் பிரிக்காமல் வைத்த ரத்தத்தில் மணிக்கு ஐந்து முதல் ஏழு சதவீதம் வரை சர்க்கரை குறையும். வீட்டுக்கு வந்து ரத்தம் எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு, இன்னும் நாலு வீட்டுக்குப் போய்விட்டு லேபுக்குத் திரும்புகிறார்கள் அல்லவா? அந்த இரண்டு மணி நேரத்தில் 113 என்ற உண்மையான எண் 100ஐ ஒட்டி இறங்கி, இயல்பு என்று அச்சாகிவிடலாம். சாம்பல் நிற மூடி போட்ட ஃப்ளோரைடு குழாய் இதைத் தடுக்கத்தான். அதுவும் முதல் ஒரு மணி நேரம் முழுதாகத் தடுப்பதில்லை. எல்லையில் நிற்கும் எண் என்றால் லேபுக்கே போய்க் கொடுப்பது நல்லது. விரல் நுனியில் குத்திப் பார்க்கும் குளுக்கோமீட்டர் இந்த விஷயத்தில் வேண்டவே வேண்டாம். பதினைந்து சதவீதம் முன்பின் காட்டுவது அந்தக் கருவிக்கு அனுமதிக்கப்பட்ட பிழை. அதோடு, குளுக்கோஸ் குடித்த பிறகு விரல் ரத்தத்தில் இருக்கும் சர்க்கரை கை நரம்பு ரத்தத்தில் இருப்பதைவிட அதிகம்.

சரி, யாருக்குத்தான் இது தேவை? வெறும் வயிற்று எண் 110 முதல் 125 வரை வந்தவர்களுக்கு என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அதை நான் ஒப்புக்கொள்கிறேன். அந்தப் பகுதியில்தான் மறைந்திருக்கும் நீரிழிவு அதிகம். 100க்கும் 109க்கும் நடுவே வந்து, ஹெச்.பி.ஏ.1சி 5.7க்குக் கீழே இருந்து, குடும்பத்தில் யாருக்கும் நோய் இல்லாமல், இடுப்பளவும் அளவாக இருப்பவருக்கு அவசியமில்லை. வருடத்துக்கு ஒருமுறை திரும்பப் பார்த்தால் போதும். வெறும் வயிற்று எண் ஏற்கெனவே இரண்டு முறை 126ஐத் தாண்டியவருக்கும் வேண்டாம். தெரிந்ததைத் திரும்பத் தெரிந்துகொள்ள 75 கிராம் குளுக்கோஸ் எதற்கு? மெட்ஃபார்மின் தொடங்கிவிட்டவருக்குச் செய்தால், மருந்து மறைத்தது எது, உடம்பு தாங்கியது எது என்று பிரிக்க முடியாது. எடை குறைப்புக்காக இரைப்பை பைபாஸ் அறுவை செய்துகொண்டவர்களுக்கு இந்தக் கரைசல் தலைசுற்றலும் படபடப்பும் தரும். அவர்கள் தவிர்க்க வேண்டும்.

இரண்டு சோதனைகள் ஒன்றுக்கொன்று முரணாகச் சொல்லும்போதுதான் இதன் மதிப்பு முழுதாகத் தெரியும். நம் பெண்களிடம் இது நிறைய நடக்கிறது. தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின் ஐந்தாம் சுற்றில், தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கு மேல் ரத்தசோகை உள்ளவர்கள். இரும்புச்சத்துக் குறைவால் வரும் ரத்தசோகையில் சிவப்பணுக்கள் வழக்கத்தைவிட அதிக நாள் ரத்தத்தில் சுற்றும், அதிக நாள் சர்க்கரையில் ஊறும், ஹெச்.பி.ஏ.1சி இல்லாத உயரத்தைக் காட்டும். வெறும் வயிற்றில் 103, ஹீமோகுளோபின் 9, ஹெச்.பி.ஏ.1சி மட்டும் 6.6 என்று ஒரு ரிப்போர்ட் வந்தால், அதை நம்பி மாத்திரை தொடங்குவதற்கு முன் ஜி.டி.டி. பார்க்க வேண்டும். சிறுநீரக நோய் முற்றியவர்கள், சமீபத்தில் ரத்தம் ஏற்றிக்கொண்டவர்கள், தலசீமியா போன்ற பரம்பரை ரத்தக் கோளாறு உள்ளவர்கள் ஆகியோரிடமும் ஹெச்.பி.ஏ.1சியை நம்ப முடியாது. அவர்களிடம் அது பெரும்பாலும் பொய்யாகக் குறைத்துக் காட்டும். சினைப்பை நீர்க்கட்டி உள்ள பெண்களுக்கும், மாரடைப்பு வந்து தேறியவர்களுக்கும், வெறும் வயிற்று எண் நல்லதாக இருந்தும் பாதத்தில் காரணமில்லாமல் எரிச்சலும் மரத்துப்போதலும் உள்ளவர்களுக்கும் டாக்டர்கள் இதைக் கேட்பது நியாயம்.

இதையெல்லாம் வெறும் பெயர் சூட்டும் வேலை என்று நினைத்துவிடக் கூடாது. நீரிழிவைத் தடுக்க முடியும் என்று நாம் இன்று தைரியமாகச் சொல்வதற்குக் காரணமான பெரிய ஆய்வுகள் தங்கள் ஆட்களைத் தேர்ந்தெடுத்தது ஜி.டி.டி. வைத்துத்தான். 1986இல் சீனாவின் டாச்சிங்கில் தொடங்கியதும், ஃபின்லாந்தில் நடந்ததும், 2002இல் முடிவு வெளியான அமெரிக்க ஆய்வும் அப்படியே. நமக்கு நெருக்கமானது சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரன் தலைமையில் நடந்து, 2006இல் முடிவுகள் வெளியான இந்திய நீரிழிவுத் தடுப்புத் திட்டம். இரண்டு ஜி.டி.டி.யிலும் தாங்குதிறன் குறைவு என்று வந்த 531 பேரை எடுத்துக்கொண்டார்கள். பொதுவான அறிவுரை மட்டும் பெற்றவர்களில் மூன்று வருடத்தில் 55 சதவீதம் பேருக்கு நீரிழிவு வந்துவிட்டது. உணவையும் உடற்பயிற்சியையும் மாற்றியவர்களில் அது 39 சதவீதம். மெட்ஃபார்மின் 250 மில்லிகிராம் தினம் இருவேளை எடுத்தவர்களில் கிட்டத்தட்ட அதே அளவு. இரண்டையும் சேர்த்துச் செய்ததால் கூடுதல் லாபம் ஏதும் தெரியவில்லை.

மூன்றே வருடத்தில் பாதிக்கு மேல் என்பது மற்ற நாட்டு ஆய்வுகளில் கண்ட வேகத்தைவிட அதிகம். அவர்கள் அமெரிக்க, ஃபின்லாந்து ஆய்வுகளில் இருந்தவர்களைப் போலப் பருமனானவர்களும் அல்ல. அந்த 55 சதவீதக் கூட்டத்தில் நீங்கள் இருக்கிறீர்களா என்பதைக் காலை எண் மட்டும் சொல்லாது. இரண்டு மணி நேர எண் சொல்லும். வெறும் வயிற்று எண் மட்டும் உயர்ந்து, குளுக்கோஸ் குடித்த பிறகு இயல்பாக வருபவர்களுக்கு நடையும் உணவும் இதே அளவு தடுக்குமா என்பதற்கு ஆதாரம் குறைவு. அவர்களும் நடக்கத்தான் வேண்டும்; ஆனால் அவர்களுக்கு அவசரமாக மாத்திரை எழுதுவதற்கு இந்த ஆய்வுகளைச் சாட்சிக்கு அழைக்க முடியாது.

கடைசியாக, இந்தச் சோதனை மிகவும் தேவைப்பட்டும் அதிகம் தவறவிடப்படுவது பிரசவம் முடிந்த பெண்களிடம். கர்ப்பத்தில் சர்க்கரை இருந்தவருக்குக் குழந்தை பிறந்ததும் எண் இறங்கிவிடும். வீட்டில் எல்லோரும் அதோடு மறந்துவிடுவார்கள். பிரசவத்துக்குப் பிறகு நான்கு முதல் பன்னிரண்டு வாரத்துக்குள் அவருக்கு 75 கிராம் ஜி.டி.டி. செய்தாக வேண்டும். பிரசவ ரத்த இழப்பாலும் சிவப்பணுக்களின் மாற்றத்தாலும் அந்தச் சமயத்தில் ஹெச்.பி.ஏ.1சி சரியாக வராது. குழந்தைக்கு ஒன்றரை மாதத் தடுப்பூசி போட வேண்டிய நாள் சரியாக இந்தக் கால எல்லைக்குள்தான் வருகிறது. அன்று காலை தாயையும் வெறும் வயிற்றோடு அழைத்துப் போங்கள். இரண்டு மணி நேரம் குழந்தையைப் பார்த்துக்கொள்ள வீட்டிலிருந்து ஒருவர் கூடப் போங்கள்.